ஒரு மூட்டையில் எத்தனை பொட்டலம்?

லிட்டில் இந்தியாவின் மளிகைக் கடைகளுக்குச் சீரகம் மூட்டையாக வந்து இறங்குகிறது. வாடிக்கையாளரின் கைக்குச் சிறு பொட்டலமாகச் செல்கிறது. கண்ணாடி வளையல்களைக் கடைக்காரர் டஜன் கணக்கில் வாங்குகிறார். ஒற்றை வளையல் கேட்பவருக்கும் விற்கிறார். வாங்கும் அலகு ஒன்று; விற்கும் அலகு வேறு.

இத்தகைய அலகு மாற்றம் சிங்கப்பூருக்குப் புதிதன்று. 1970களில் மெட்ரிக் முறை பரவுவதற்கு முன், சந்தைகளில் ‘கட்டி’ என்னும் அளவு வழங்கி வந்தது. ஒரு கட்டி ஏறத்தாழ 605 கிராம். அன்று வணிகர்கள் மனக்கணக்காகச் செய்ததை இன்று கணினி செய்கிறது. ஆனால், எந்த எண்ணால் பெருக்க வேண்டும் என்பதை மனிதர்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

கணினியில் ஒவ்வொரு பொருளின் இருப்பும் ஒரே அலகில் பதிவாக வேண்டும். அதற்கு ‘அடிப்படை அலகு’ என்று பெயர். விற்பனைக்குத் தேவைப்படும் மிகச் சிறிய அலகையே அதற்குத் தேர்ந்தெடுப்பது நல்லது. சீரகத்திற்குக் கிராம், வளையலுக்கு எண்ணிக்கை. வளையல் இருப்பை டஜனில் பதிந்தால் என்ன ஆகும்? ஒரு வளையல் விற்றதும் பன்னிரண்டில் ஒரு பங்கு குறைய வேண்டும். அதைக் கணினி 0.08 என்று சுருக்கினால், பன்னிரண்டு வளையல்கள் விற்ற பின்பும் 0.04 டஜன் மிச்சம் இருப்பதாகக் காட்டும். கடையிலோ ஒரு வளையல்கூட இருக்காது!

இனி, சீரகத்தின் கணக்கைப் பார்ப்போம். ஒரு மூட்டை 25 கிலோகிராம், அதாவது 25,000 கிராம். ஒரு பொட்டலம் 200 கிராம். எனவே, ஒரு மூட்டையில் 125 பொட்டலங்கள் கிடைக்கும்.

தீபாவளி நெருங்கும் வேளையில், விநியோகிப்பாளர் 20 கிலோகிராம் மூட்டையை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் வழக்கம்போல் ‘1 மூட்டை’ என்று பதிகிறார். கணினியும் வழக்கம்போல் 25,000 கிராமைச் சேர்க்கிறது. உண்மையில் கிடைப்பவை 100 பொட்டலங்களே. மீதி 25 பொட்டலங்கள் திரையில் மட்டுமே இருக்கின்றன. அவற்றையும் இணையத்தில் வாடிக்கையாளர்கள் பணம் செலுத்தி வாங்கிவிடுகிறார்கள். பொருளை எடுக்கச் செல்லும்போதுதான் அலமாரி காலியாக இருப்பது தெரிகிறது.

இங்கே தவறியது பெருக்கல் அன்று. ஒரு டஜன் என்றால் எப்போதும் 12. ஒரு கிலோகிராம் என்றால் எப்போதும் 1,000 கிராம். ஆனால், மூட்டை, பெட்டி, தட்டு போன்றவை நிலையான அளவுகள் அல்ல. விநியோகிப்பாளர் மாறினால் அவற்றின் அளவும் மாறலாம். ஆகவே, ‘20 கிலோ மூட்டை’, ‘25 கிலோ மூட்டை’ என அவற்றைத் தனித்தனி அலகுகளாகப் பதிய வேண்டும். சரக்கு வந்ததும் மூட்டையின் மேல் அச்சிடப்பட்டுள்ள எடையைப் பார்க்க வேண்டும்.

பொட்டலமிடும்போது சிறிது சிந்துவதால், 125க்குப் பதில் 124 கிடைப்பது இயல்பே. அதைச் சேதாரம் என்று பதிந்துவிடலாம். ஆனால், 25 பொட்டலங்கள் குறைந்தால் அது சேதாரம் ஆகாது. மூட்டையின் அளவை மீண்டும் பார்க்க வேண்டும் என்பதற்கான அறிகுறி.