கயிறும் இருக்கட்டும், மாத்திரையும் சேரட்டும்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். வழிபாட்டுத் தலங்களை நாடிக் குடும்பங்கள் போவது அதன்பிறகும் நிற்கவில்லை. ஆகவே தர்காவுக்கு அருகிலேயே மருத்துவரும் அமரும் முறை வந்தது. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் 2008 வாக்கில் தொடங்கிய 'தவா-துவா' (மருந்தும் பிரார்த்தனையும்) திட்டம் அதற்கு முன்மாதிரி.

இது எப்படி நடக்கும்? ஓர் உதாரணம் பார்ப்போம். 22 வயதுப் பையன் மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. யாருமில்லாத இடத்தில் பேசுகிறான், சோற்றில் விஷம் என்கிறான். தாய் செய்வினை என்று பயந்து கோடாங்கியிடம் கூட்டிப்போகிறாள். பயிற்சி பெற்ற கோடாங்கி அவளை மறுத்துப் பேசுவதில்லை. கயிறு கட்டிவிட்டு, "கயிறு இருக்கட்டும் தாயி, பெரியாஸ்பத்திரி டாக்டரையும் பாத்துருங்க" என்று சீட்டு எழுதித் தருகிறார். காய்ச்சலோ வலிப்போ இருந்தாலும், தற்கொலைப் பேச்சு வந்தாலும் பூசைக்குக் காத்திருக்காமல் அன்றே அனுப்ப வேண்டும்.

மருத்துவர் மாத்திரை தொடங்குகிறார். முதலில் தூக்கம் திரும்பும்; காதில் கேட்கும் குரல்கள் அடங்கச் சில வாரங்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் பல சிகிச்சைகள் முறிகின்றன. சிலருக்கு முதல் சில நாட்களில் கழுத்து ஒருபக்கம் இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகும். இது மருந்தின் பக்கவிளைவு; ஊசி போட்டால் பெரும்பாலும் சீக்கிரம் சரியாகிவிடும். ஆனால் வீட்டார் கண்ணுக்குப் பேய் திரும்பியதாகவே தெரியும். உடனே கோடாங்கியிடம் ஓடுவார்கள். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தால், "இது மருந்தால வந்தது, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்பார். தெரியாவிட்டால் மாத்திரை குப்பைக்குப் போகும். பத்தியம், விரதம் என்று மாத்திரையை நிறுத்துவதும் இப்படித்தான். சாமி காரியத்தில் மாத்திரை தடையில்லை என்று அவரே சொன்னால் வீட்டில் எடுபடும்.

இதற்கு, அனுப்பிய பையனுக்கு என்ன ஆயிற்று என்று மருத்துவமனை கோடாங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். நோயாளியின் சம்மதத்தோடு, 'தூக்கம் வந்துவிட்டது, அடுத்த வாரம் வரச்சொல்லுங்கள்' என்ற அளவில் போதும். தன்னிடம் வந்தவரைப் பறித்துக்கொண்டார்கள் என்று நினைப்பவர் அடுத்தவரை அனுப்பமாட்டார். என் பார்வையில் இந்தத் திட்டங்களின் பலவீனமான இடம் இதுதான்.

கானாவிலும் நைஜீரியாவிலும் பாரம்பரிய வைத்தியர்களோடு சுகாதாரப் பணியாளர்கள் சேர்ந்து பணியாற்றிய ஆய்வு 2020-ல் வெளியானது. ஆறு மாதத்தில் நோயாளிகளின் அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. ஆனால் சேர்ந்து வேலை செய்வது எல்லாவற்றுக்கும் சம்மதமல்ல. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. அடி, பட்டினி, சங்கிலி உள்ள இடத்தோடு கைகோக்கக் கூடாது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால், கோயிலுக்கோ தர்காவுக்கோ போகும் முன்போ பின்போ, 14416-க்கு அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.