கட்டிய வரி வேறு, வந்த வரி வேறு

சிவகாசியில் இரண்டு பங்குதாரர்கள் நடத்தும் ஒரு அச்சகத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 2024-25 நிதியாண்டில் அட்வான்ஸ் டாக்ஸாக நான்கு தவணையில் 4,80,000 ரூபாய் கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுத்த ஒரு நிறுவனம் 24,000 ரூபாயை டி.டி.எஸ். ஆகப் பிடித்திருக்கிறது. மார்ச் 31 அன்று கணக்கை முடிக்கும்போது, ‘இந்த வருட வரி 5,04,000’ என்று எழுதிவிடத் தோன்றும். பல சிறு நிறுவனங்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள். அது தவறு.

கட்டிய பணம் அரசிடம் இருக்கும் முன்பணம், அவ்வளவுதான். வருடத்தின் வரி எவ்வளவு என்பதை அந்த வருட லாபம்தான் சொல்ல வேண்டும்.

அச்சகத்தின் புத்தகத்தில் லாபம் 19,20,000. ஆனால் வரிக்கு எடுத்துக்கொள்ளும் லாபம் இது அல்ல. காகிதக் கடைக்கு ஒரே நாளில் 50,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தச் செலவை வரிச் சட்டம் ஏற்பதில்லை. சட்டமீறலுக்காகக் கட்டிய 30,000 ரூபாய் அபராதமும் அப்படியே. இரண்டையும் திரும்பக் கூட்டினால் 20,00,000. கூட்டு நிறுவனத்துக்கு வரி 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ். ஆக, வரி 6,24,000. லாப நட்டக் கணக்கில் செலவாக ஏற வேண்டிய தொகை இதுதான். எதிர்ப்பக்கம் ‘வருமான வரி ஒதுக்கீடு’ என்ற பெயரில் பொறுப்பாக நிற்கும். அட்வான்ஸ் டாக்ஸும் டி.டி.எஸ்.ஸும் சொத்துப் பக்கம் இருக்கும். இரண்டையும் கழித்தால் பாக்கி 1,20,000.

5,04,000 என்று எழுதியிருந்தால் இந்த 1,20,000 அடுத்த வருடச் செலவாகப் போயிருக்கும். இந்த வருடம் பங்குதாரர்கள் தங்களுக்குச் சேராத லாபத்தைப் பிரித்து எடுத்திருப்பார்கள். அடுத்த வருடம் கட்டப் பணம் இருக்காது. எனக்கு இதில் மிகவும் கவலை தருவது இந்த இடம்தான்.

பாக்கியோடு வட்டியும் வரும். தொடக்கத்தில் இவர்கள் போட்ட மதிப்பீடு குறைவு. டி.டி.எஸ். போக 6,00,000 ரூபாய் வந்திருக்க வேண்டும். ஜூனில் 72,000, செப்டம்பர் வரை 2,16,000 கட்டியிருந்தார்கள். அவை 12, 36 சதவீதத்தைத் தொட்டுவிட்டதால் தவணை வட்டி இல்லை. ஆனால் டிசம்பர் 15-க்குள் 75 சதவீதமான 4,50,000 கட்டியிருக்க வேண்டும், கட்டியது 3,60,000. அந்த 90,000 குறைவுக்கு மாதம் ஒரு சதவீதம் வீதம் மூன்று மாதத்துக்கு 2,700 ரூபாய் வட்டி. மார்ச் 15-இல் குறைந்த 1,20,000-க்கு ஒரு மாத வட்டி 1,200. அதோடு, கட்ட வேண்டியதில் 90 சதவீதம் சேராததால் ஏப்ரல் முதல் பாக்கி கட்டும் மாதம் வரை இன்னொரு வட்டி. ஜூலையில் கட்டினால் நான்கு மாதத்துக்கு 4,800. ஆக மொத்தம் கட்ட வேண்டியது 1,28,700. மாதத்தில் ஒரு நாள் தாண்டினாலும் முழு மாதமாகத்தான் கணக்கு. எனவே ஜூலை 31-இல் கட்டுவதும் ஜூலை 1-இல் கட்டுவதும் ஒன்று. ஆகஸ்ட் 1 என்றால் இன்னொரு 1,200.

இதே அச்சகத்தின் வரிக்குரிய லாபம் 15,00,000 ஆக இருந்திருந்தால் வரி 4,68,000. கட்டியதில் 36,000 ரூபாய் திரும்ப வர வேண்டும். அது ஐந்தொகையில் ‘வர வேண்டிய வரி’ என்று சொத்தாக நிற்கும். பணம் வங்கிக்கு வந்ததும் அதை ‘இதர வருமானம்’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது வருமானமே இல்லை, கொடுத்த பணம் திரும்பியிருக்கிறது. அதன் மேல் வரும் வட்டி மட்டும் வருமானம். அதற்கு வரியும் உண்டு. ஆனால் ரீஃபண்ட் தொகை வரியில் பத்து சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் வட்டி கிடையாது. இங்கே பத்து சதவீதம் 46,800. ஆகவே இவர்களுக்கு வட்டி இல்லை.

கணக்கு சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் ஐந்தொகையில் ஒதுக்கீடும் அட்வான்ஸ் டாக்ஸும் எந்த வருடத்துடையவை என்று கேளுங்கள். நான்கைந்து வருடத் தொகைகள் ஒரே தலைப்பில் கலந்து கிடந்தால், அதில் தீராத தவறு ஒன்றாவது இருக்கும். ஒவ்வொரு மதிப்பீட்டு ஆண்டுக்கும் தனி ஏடு வேண்டும். செலானில் ஆண்டை மாற்றிப் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. 2024-25 நிதியாண்டின் வரிக்கு மதிப்பீட்டு ஆண்டு 2025-26. மாற்றிப் போட்டால் கட்டிய பணம் அந்த ஆண்டுக் கணக்கில் தெரியாது, பாக்கி கேட்டு நோட்டீஸ் வரும். கணக்கை மூடுவதற்கு முன் ஏ.ஐ.எஸ். அறிக்கையையும் 26ஏஎஸ் படிவத்தையும் எடுத்து, முதலாவதில் ஒவ்வொரு செலானையும் இரண்டாவதில் ஒவ்வொரு டி.டி.எஸ். தொகையையும் உங்கள் ஏட்டோடு ஒத்துப்பாருங்கள்.