500 யூனிட்டில் ஒரு கோடு

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். அந்த இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளும் அதிக விலைக்குப் போய்விடுகின்றன. அதனால் வீட்டுச் செலவை எக்செலில் எழுதிவைப்பவருக்கு, எந்த மாதங்கள் 500-ஐத் தாண்டின என்பது பார்த்ததும் தெரிய வேண்டும். பட்டை வரைபடத்தின் குறுக்கே 500-இல் ஒரு கோடு ஓடினால் போதும்.

பலர் Shapes-இல் கோடு ஒன்றை எடுத்து, கண்ணளவில் பட்டைகளின் மேல் வைத்துவிடுகிறார்கள். அந்தக் கோட்டுக்கும் எண்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உதாரணமாக, ஒரு வீட்டின் ஆறு கணக்கீடுகள் 310, 470, 560, 520, 430, 340 என்று வைத்துக்கொள்வோம். எக்செல் இடதுபக்க அளவுகோலை 600 வரை போடும். கோடு 500-இல் சரியாக நிற்கும். அடுத்த கோடையில் 640 வருகிறது. அதைச் சேர்த்ததும் அளவுகோல் 700 வரை நீள, பட்டைகள் எல்லாம் குறுகுகின்றன. கோடு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்த இடம் இப்போது ஏறக்குறைய 583. வரம்பைத் தாண்டிய 560-உம் 520-உம் கோட்டுக்குக் கீழே தெரியும். படம் பொய் சொல்கிறது, பார்ப்பவருக்கு அது தெரியவும் வழியில்லை.

கோட்டையும் எண்களிலிருந்தே பிறக்க வைப்பதுதான் இதற்குத் தீர்வு. A-இல் மாதங்கள், B-இல் யூனிட், C-இல் வரம்பு என்று முதல் வரியில் தலைப்பு எழுதுங்கள். F1 கட்டத்தில் 500 என்று இடுங்கள். பிறகு C2-இல் இதை எழுதி, கடைசி மாதம் வரை கீழே இழுத்துவிடுங்கள்:

```
=$F$1
```

டாலர் குறிகளை விட்டுவிடக் கூடாது. அவை இல்லையென்றால் இழுக்கும்போது F2, F3 என்று வெற்றுக் கட்டங்களுக்குச் சூத்திரம் நகர்ந்துவிடும். முதல் மாதத்தில் 500-இல் இருக்கும் கோடு அடுத்த மாதமே சுழியத்துக்கு விழுந்தால் காரணம் இதுதான்.

மூன்று நிரல்களையும் தேர்ந்தெடுத்து Insert-இல் Clustered Column போட்டால், வரம்பும் பட்டையாகவே வரும். அந்தப் பட்டைகளில் ஒன்றின் மேல் வலது கிளிக் செய்து Change Series Chart Type-ஐத் திறந்து, வரம்பின் வகையை மட்டும் Line என்று மாற்றுங்கள். அதே இடத்தில் Secondary Axis என்றொரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருக்கக் கூடாது. இருந்தால் கோட்டுக்கென்று வலப்பக்கம் தனி அளவுகோல் முளைக்கும். பட்டைகளோடு கோட்டை ஒப்பிட முடியாது. படத்தின் வலது ஓரத்தில் எண்கள் தெரிகின்றனவா என்று பார்த்தாலே இதைக் கண்டுபிடித்துவிடலாம். லிப்ரே ஆபீஸில் Column and Line என்ற வகையும், கூகுள் ஷீட்ஸில் Combo chart என்ற வகையும் இதே வேலையைச் செய்கின்றன.

இப்போது கோடு முதல் பட்டையின் நடுவில் தொடங்கிக் கடைசிப் பட்டையின் நடுவில் முடியும். எக்செல் ஒவ்வொரு மாதத்துக்கும் ஓர் அகலம் ஒதுக்கி, அதன் மையத்தில் புள்ளி வைப்பதால் வரும் குறை இது. கணக்கில் பிழையில்லை, ஆனாலும் ஓரம் வரை போகாத கோடு அரைகுறையாகத் தெரிகிறது. கோட்டின் மேல் வலது கிளிக் செய்து Add Trendline எடுங்கள். Linear தேர்ந்து, Forecast என்ற இடத்தில் Forward, Backward இரண்டிலும் 0.5 இடுங்கள். இரு பக்கமும் அரை மாத அகலம் நீண்டு, கோடு ஓரத்தைத் தொடும். பழைய கோட்டுக்கு No line கொடுத்துவிடலாம். படத்தின் குறிப்பில் கூடுதலாக ஒரு பெயர் வந்திருக்கும். அதை மட்டும் சொடுக்கி நீக்குங்கள்.

புதிய மாதம் சேர்க்கும்போது C நிரலையும் நிரப்ப வேண்டும். யூனிட்டை மட்டும் எழுதினால் புதிய பட்டைக்கு முன்பே வரம்பின் புள்ளிகள் முடிந்துவிடும். விலைப்பட்டியல் மாறி வரம்பு வேறாகிவிட்டால் F1-ஐ மட்டும் திருத்தினால் போதும், கோடு தானே நகரும். ஆனால் பழைய மாதங்களுக்கும் புது வரம்பே பொருந்தியதுபோல் படம் காட்டும். அப்படி வேண்டாமென்றால் C-இல் அந்தந்த மாதத்து வரம்பைத் தனித்தனியாக எழுதுங்கள். அப்போது மட்டும் Trendline-ஐ நீக்கிவிட வேண்டும்: அது மாறும் வரம்புகளின் குறுக்கே ஒரே சாய்கோட்டை இழுத்துவிடும். கோட்டை மறைத்து, ஒவ்வொரு பட்டையின் மேலும் ஒரு குறுக்குக் குறியை மட்டும் வைப்பது அங்கே பொருத்தம்.