அவஸ்தை வரும்வரை காத்திருக்க வேண்டாம்: முதியவர் ஒருவரின் இறுதி நாட்களில் கத்தோலிக்கக் குடும்பம் செய்ய வேண்டியவை

என் அப்பாயிக்கு ஒரு குறை இருந்தது. 2009 ஏப்ரலில் புதுமாத்தளனில் பதுங்கு குழிக்குள் தாத்தா இறந்தபோது அருகில் குருவானவர் எவரும் இருக்கவில்லை. "அவருக்கு அவஸ்தை குடுக்காமலே மண்ணை மூடிட்டோம்" என்று மாத்தளைக்குத் திரும்பி வந்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தார். 83 கலவரத்துக்குப் பின்னர் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம் எங்களுடையது. முகாமிலிருந்து விடுபட்ட அப்பாயியை, ஊரிலேயே தங்கிவிட்ட என் பெற்றோர் மாத்தளைக்கு அழைத்து வந்தார்கள்.

அப்பாயிக்கு 84 வயதானபோது இதயம் பலவீனமாகிவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்ப்பதுதான் நல்லது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அன்றே பங்குத்தந்தைக்குச் சொல்லலாம் என்றேன். அப்பா மறுத்தார். "இப்பவே பாதரைக் கூப்பிட்டா அம்மா பயந்துரும். நேரம் வரட்டும்" என்றார். நான் பேசிய பல கத்தோலிக்கக் குடும்பங்களில் இதே வார்த்தைகளைக் கேட்டிருக்கிறேன். இறுதி நேரத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் பழைய பெயர். நம் பெரியவர்கள் இந்த அருளடையாளத்தை "அவஸ்தைப்பூசுதல்" என்பார்கள். அவஸ்தை என்றால் உயிர் பிரியும் வேதனை. பெயரே அப்படி இருந்ததால், எண்ணெய்ச் சிமிழோடு குருவானவர் வாசலில் நின்றால் மரணமே வந்து நிற்பதாக நினைத்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் இந்த எண்ணத்தை மாற்றச் சொன்னது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கு முறையைத் திருத்தினார். இன்று அதன் பெயர் நோயில்பூசுதல். கடும் நோயாலோ முதுமையாலோ ஒருவரின் உயிருக்கு ஆபத்து தொடங்கும்போதே அதைக் கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. பெரிய சத்திரசிகிச்சைக்கு முன்னும் பெறலாம். குணமாகி மீண்டும் நோயுற்றால், அல்லது அதே நோய் மோசமடைந்தால், திரும்பவும் பெறலாம்.

அப்படியானால் இறப்பவருக்குரிய கடைசி அருளடையாளம் எது? அது எண்ணெய் அல்ல, நற்கருணை. பயணம் போகிறவருக்குக் கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டைப் போல, இறக்கும் தறுவாயில் கொடுக்கப்படும் இந்த நற்கருணையை வழியுணவு என்கிறோம். எண்ணெய் பூசுவதற்கு நோயாளி விழித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பாவசங்கீர்த்தனம் செய்ய அவருக்குப் புத்தி தெளிவாக இருக்க வேண்டும். வழியுணவைப் பெற அவரால் விழுங்க முடிய வேண்டும். கடைசி மூச்சு வரை காத்திருக்கும் குடும்பம் இந்த இரண்டையும் இழந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் அப்பாயியே முடிவு செய்தார். "பாதரைக் கூப்பிடவா?" என்று நான் கேட்டதும், "இதைக் கேக்க உனக்கு இத்தனை நாளா?" என்றார். அப்பா அதற்குப் பிறகு எதுவும் பேசவில்லை.

பங்குத்தந்தையை அழைக்கும்போது நான்கு விடயங்களைச் சொன்னால் போதும். நோயாளிக்கு நினைவு இருக்கிறதா, விழுங்க முடிகிறதா, பேச முடிகிறதா, எந்த மொழியில் பாவசங்கீர்த்தனம் செய்வார். கடைசிக் கேள்வி மாத்தளையில் முக்கியம். கண்டி மறைமாவட்டத்தின் பங்குகளில் தமிழும் சிங்களமும் கலந்திருக்கும். பங்கில் இருப்பவருக்குத் தமிழ் சரளமாக வராவிட்டால், வயதானவர் மனம்விட்டுப் பேசப் பக்கத்துப் பங்கிலிருந்து ஒருவரை அனுப்பும்படி கேட்கலாம். அதற்கு அவகாசம் வேண்டும்.

பலர் தயங்கும் இன்னொரு விடயம் ஆவணம். ஞானஸ்நானச் சான்றிதழ் போரில் எரிந்துவிட்டது, பங்கில் பதிவு இல்லை, கோவிலுக்குப் போய் வருடக்கணக்காகிறது என்பார்கள். உயிர் ஆபத்தில் இருக்கும் கத்தோலிக்கருக்கு எண்ணெய் பூசச் சான்றிதழ் தேவையில்லை. கோவிலில் கலியாணம் செய்யாதவராக இருந்தாலும் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். அதைச் சரிசெய்ய வழிகள் உண்டு. கடைசி மணித்தியாலத்தில் சொன்னால் அதற்கு நேரம் இருக்காது.

அன்று கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்தோம். பாடுபட்ட சுரூபம், மெழுகுதிரி இரண்டு, தீர்த்தம், ஒரு கோப்பை தண்ணீர், ஒரு கரண்டி, கொஞ்சம் பஞ்சு. இவ்வளவுதான். வீட்டில் ஒட்சிசன் சிலிண்டர் இருந்தால் மெழுகுதிரியைக் கொளுத்தவே கூடாது. தீப்பிடித்துவிடும். சுரூபம் மட்டும் போதும். நோயாளிக்கும் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் நற்கருணைக்கு முந்திய ஒரு மணித்தியால உபவாசம் கட்டாயமில்லை. அதனால் மருந்தையும் கஞ்சியையும் நிறுத்தி வைக்காதீர்கள்.

பாதர் வந்ததும் முதலில் எங்கள் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். பாவசங்கீர்த்தனத்துக்காக. லயத்து வீட்டில் ஒரே அறைதான் இருக்கும். முற்றத்தில் நிற்க வேண்டியிருந்தாலும் இந்தப் பத்து நிமிடத்தை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். பிறகு நாங்கள் உள்ளே போனோம். பாதர் பேசாமல் அப்பாயியின் தலைமேல் கைகளை வைத்தார். நெற்றியிலும் இரு உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினார். அது பெரிய வியாழனையொட்டி நடக்கும் திருப்பலியில் ஆயர் அர்ச்சித்துப் பங்குகளுக்குக் கொடுக்கும் எண்ணெய். கண், காது, மூக்கு, வாய் என்று ஐம்புலன்களிலும் பூசியது பழைய முறை. "கண்ணுல பூசலையே" என்று அப்பாயி கேட்டபோது பாதர் சிரித்துக்கொண்டே அதை விளக்கினார். கடைசியாக நற்கருணையில் ஒரு சிறு துண்டைக் கொடுத்தார்.

அதன்பின் அப்பாயி மூன்று வாரம் இருந்தார். முதல் வாரம் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் மூச்சு மாறியது. கால் குளிர்ந்தது. அழைத்தபோது பாதர் தூரத்துத் தோட்டமொன்றில் திருப்பலிக்குப் போயிருந்தார், வர இரவாகும் என்றார். "விழுங்க முடியுதா?" என்றுதான் முதலில் கேட்டார். முடிகிறது என்றதும், பங்கில் இருந்த அருட்சகோதரி ஒருவரிடம் நற்கருணையைக் கொடுத்தனுப்ப ஏற்பாடு செய்தார். எண்ணெய் பூசுவதைக் குருவானவர் மட்டுமே செய்யலாம். தியாக்கோனுக்கும் அனுமதியில்லை. ஆனால் வழியுணவை நற்கருணைப் பணியாளராக நியமிக்கப்பட்ட அருட்சகோதரியோ பொதுநிலையினரோ கொண்டுவரலாம். இது தெரியாமல் குருவானவருக்காகக் காத்திருந்து இந்த வாய்ப்பைத் தவறவிடும் வீடுகள் பல.

நான்கு மணிக்குச் சகோதரி வந்தார். ஒரு நகக்கண் அளவுத் துண்டும் ஒரு கரண்டித் தண்ணீரும். அப்பாயி விழுங்கினார். விழுங்க முடியாதவருக்கோ வாந்தி எடுப்பவருக்கோ வற்புறுத்திக் கொடுக்கக் கூடாது. அப்பத்தை விழுங்க முடியாமல் திரவம் மட்டும் இறங்குமானால், திரு இரத்தத்தை மட்டும் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. அதைக் குருவானவரிடம் முன்பே கேட்க வேண்டும்.

பாதர் எட்டு மணிக்கு வந்தபோது அப்பாயிக்கு நினைவு இல்லை. நோய் மோசமடைந்திருந்ததால் மீண்டும் எண்ணெய் பூசினார். பாவமன்னிப்பும், இறப்பவருக்குத் திருச்சபை தரும் பரிபூரண பலனும் கொடுத்தார். விடிய முன் அப்பாயி போய்விட்டார். நான்கு மணிக்கு நற்கருணை வராதிருந்தால் அது கிடைக்காமலே போயிருக்கும்.

இறந்த பிறகு குருவானவரை அழைத்து வந்து எண்ணெய் பூசச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். அருளடையாளங்கள் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான். உயிர் பிரிந்துவிட்டதா என்ற சந்தேகம் இருந்தால் பூசலாம். நிச்சயமாகப் பிரிந்துவிட்டால் செபம் மட்டுமே. அவர் மறுப்பதை இரக்கமின்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குருவானவர் வரவே முடியாத இடத்தில் என்ன செய்வது? இது மாத்தளைக்குப் புதிய கேள்வி அல்ல. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், இம்மாவட்டத்தின் வஹகோட்டே போன்ற கிராமங்களில் இருந்தவர்கள் நீண்டகாலம் நிரந்தரக் குருவானவர் இல்லாமல் வாழ்ந்தார்கள். 1687இல் யாழ்ப்பாணத்துக்கு இரகசியமாக வந்த புனித யோசேவாஸ் அடிகளார் பின்னர் கண்டி இராச்சியத்தில் பணி செய்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைத் தேடிப்போய்ப் பராமரித்தார். ஆனாலும் ஒருவரால் எல்லா ஊருக்கும் போக முடியாது. அவர் போகாத இடங்களில் அண்ணாவிமாரும் குடும்பத்தவரும்தான் இறப்பவரின் அருகே செபித்தார்கள்.

இன்றும் வழி அதுவே. கையில் பாடுபட்ட சுரூபத்தைக் கொடுங்கள். காதருகே இயேசு, மரி, சூசை என்ற நாமங்களைச் சொல்லுங்கள். நினைவில்லாவிட்டாலும் கேட்கும் என்று எண்ணியே சொல்லுங்கள். உத்தம மனஸ்தாப செபத்தை மெதுவாகச் சொல்லிக்கொடுங்கள். கடவுள் மேலுள்ள அன்பினால் வரும் உண்மையான மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம் செய்ய வாய்ப்பில்லாதவருக்கும் மன்னிப்பைத் தரும் என்பது திருச்சபையின் போதனை. வாழ்நாளில் செபிக்கும் பழக்கம் இருந்தவர் தக்க மனநிலையோடு குருவானவர் இல்லாமல் இறந்தாலும், அந்தப் பரிபூரண பலனைத் திருச்சபை அவருக்குத் தருகிறது. கூட்டமாக மரண ஆபத்தில் இருப்பவர்களுக்குத் தனித்தனியே பாவசங்கீர்த்தனம் கேட்க நேரமில்லாதபோது, எல்லாருக்கும் ஒன்றாகப் பாவமன்னிப்பு அளிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

முதல் தடவை வந்தபோது அப்பாயி இதைத்தான் பாதரிடம் கேட்டிருக்கிறார். எண்ணெய் பூசி முடித்த பிறகு எங்கள் முன்னாலேயே மறுபடியும் கேட்டார்: "எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் குடுக்கலையே பாதர்?" பாதர், "அன்னைக்கு நீங்க என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்டார். செபமாலையைக் கையில் சுற்றி, காதில் மூன்று நாமங்களையும் சொன்னதாக அப்பாயி சொன்னார். "அந்த இடத்துல திருச்சபை உங்ககிட்ட எதிர்பார்த்தது அதுதான்மா. நீங்க செஞ்சிட்டீங்க" என்றார் பாதர். தாத்தாவுக்காக ஒரு பூசை வைக்கவும் நாள் குறித்துக்கொண்டார். அதன்பின் அப்பாயி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடக்கம் பற்றி இரண்டு வார்த்தை. வீட்டில் இறந்தால் கிராம அலுவலருக்கு உடனே சொல்லுங்கள். மரணப் பதிவுக்கு அவருடைய அறிக்கை வேண்டும். வைத்தியசாலையில் இறந்தால் அங்கேயே ஆவணம் தருவார்கள். சேமக்காலையில் எந்தக் குழி, பழைய குடும்பக் குழியைத் திறக்கலாமா என்பதைப் பங்கில் முன்கூட்டியே கேளுங்கள். தகனத்தைத் திருச்சபை தடுப்பதில்லை, ஆனால் அடக்கத்தையே விரும்புகிறது. தகனம் செய்தால் சாம்பலைச் சேமக்காலை போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும். ஆற்றில் கரைக்கக் கூடாது.

அப்பாயியின் குழியை நாங்கள் முதல் வாரத்திலேயே பேசி வைத்திருந்தோம். அவரே கேட்டார். தாத்தாவின் பெயரையும் அதே சிலுவையில் எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறோம்.