மாணவருக்கு கார்டு கொடுக்கலாமா?

புள்ளியியல் படிப்பவர்களிடம் Default என்றால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். கேரத் ஜேம்ஸ், டேனியெலா விட்டன், டிரெவர் ஹேஸ்டி, ராபர்ட் டிப்ஷிரானி ஆகிய நால்வரும் 2013இல் வெளியிட்ட பாடநூலோடு வரும் தரவுத் தொகுப்பு அது. அதில் 10,000 கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மாணவரா இல்லையா, கார்டில் எத்தனை டாலர் பாக்கி, ஆண்டு வருமானம் எவ்வளவு, கடைசியில் பணத்தைக் கட்டாமல் விட்டாரா என்ற நான்கு விவரம்தான். ஆட்கள் நிஜமானவர்கள் அல்ல, கணினி உருவாக்கியவர்கள். ஆனால் அவர்களை வைத்துப் போடும் கணக்கு, வங்கிகள் நிஜ ஆட்களை வைத்துப் போடும் கணக்கேதான்.

மொத்தத்தில் கடனைக் கட்டாதவர்கள் 333 பேர். மாணவர்கள் 2,944 பேரில் 127 பேர் கட்டவில்லை. மற்ற 7,056 பேரில் 206 பேர். சதவீதத்தில் சொன்னால் 4.3, 2.9. மாணவர்தான் ஆபத்து என்று யாருக்கும் தோன்றும். இந்த முடிவு எங்கே போய் நிற்கிறது என்று கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

இங்கே சதவீதத்துக்குப் பதிலாக ‘ஆட்ஸ்’ என்ற அளவைப் பயன்படுத்துவார்கள். குதிரைப் பந்தயக்காரர்களுக்குப் பழகிய கணக்கு அது. கட்டாதவர் எண்ணிக்கையைக் கட்டியவர் எண்ணிக்கையால் வகுத்தால் ஆட்ஸ் கிடைக்கும். மாணவர்களுக்கு 127ஐ 2,817ஆல் வகுக்க 0.045. மற்றவர்களுக்கு 206ஐ 6,850ஆல் வகுக்க 0.030. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.5 வருகிறது. ஆட்ஸ் ரேஷியோ என்பது இந்த 1.5தான்.

சதவீதமே போதாதா என்றால், போதாது. பாக்கித் தொகை ஏற ஏற ஆபத்து எப்படி ஏறுகிறது என்று ஒரு நேர்கோடு போட்டுப் பார்த்தால், பாக்கி குறைவாக உள்ளவருக்கு நிகழ்தகவு பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறது. அப்படி ஒரு நிகழ்தகவு உலகத்தில் கிடையாது. ஆட்ஸின் மடக்கைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது எவ்வளவு கீழே போனாலும் எவ்வளவு மேலே போனாலும், திருப்பி மாற்றினால் நிகழ்தகவு 0க்கும் 1க்கும் நடுவிலேயே நிற்கும். இந்த மடக்கைக்கு ‘லாஜிட்’ என்று 1944இல் பெயர் வைத்தவர் ஜோசப் பெர்க்சன். நேர்கோட்டை இந்த லாஜிட்டுக்குப் போடுவதுதான் லாஜிட் மாதிரி. R மென்பொருளில் ஒரே வரி:

```r
glm(default ~ balance, family = binomial, data = Default)
```

மாணவர் என்ற ஒரே விவரத்தை மட்டும் கொடுத்தால் குணகம் 0.4049 என்று வரும். இது மடக்கைக் கணக்கில் இருப்பதால் நேராக வாசிக்க முடியாது. e-யின் அடுக்காக ஏற்றினால் 1.5. கையால் போட்ட கணக்கும் கணினி தந்ததும் ஒன்றே.

பாக்கித் தொகையைக் கொடுத்தால் குணகம் 0.0055. ‘இவ்வளவு சின்ன எண்ணா, அப்படியானால் பாக்கியால் பெரிய விளைவு இல்லை’ என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அது ஒரே ஒரு டாலருக்கான எண் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 100 டாலருக்கு 0.55, அடுக்காக்கினால் ஆட்ஸ் ரேஷியோ 1.73. பாக்கி ஒவ்வொரு 100 டாலர் கூடும்போதும் ஆட்ஸ் 1.73 மடங்காகிறது. 1,000 டாலரிலிருந்து ஏறினாலும் சரி, 1,900த்திலிருந்து ஏறினாலும் சரி, அந்த 1.73 மாறாது.

தவறு நடப்பது இதற்கு அடுத்த வரியில். 1.73 என்பதைப் பார்த்து ‘கடன் வாராமல் போகும் வாய்ப்பு 73 சதவீதம் கூடுகிறது’ என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். மாதிரியின்படி 1,000 டாலர் பாக்கி உள்ளவர் கட்டாமல் போகும் வாய்ப்பு 0.58 சதவீதம். 1,100 ஆனால் 0.99 சதவீதம். இந்த இடத்தில் அந்த வாக்கியம் ஏறக்குறைய சரி. 1,900 டாலருக்கு 45 சதவீதம், 2,000 டாலருக்கு 59 சதவீதம். இங்கே வாய்ப்பு 1.3 மடங்குதான் ஆகியிருக்கிறது. நிகழ்தகவு மிகச் சிறியதாக இருக்கும்போது மட்டுமே ஆட்ஸும் அதுவும் ஒட்டி நடக்கும்.

வங்கி மேலாளர் கேட்பதோ வேறு கேள்வி: “இவருக்கு இன்னும் 100 டாலர் விட்டால் ஆபத்து எத்தனை புள்ளி கூடும்?” இதற்கு விடை சொல்வது விளிம்பு விளைவு. அதே 100 டாலர், 1,000இல் நிற்பவருக்கு 0.4 புள்ளிதான் கூட்டுகிறது. 1,900இல் நிற்பவருக்கு 14 புள்ளி கூட்டுகிறது. 2,500ஐத் தாண்டியவருக்கு வெறும் 2 புள்ளி. கடைசி ஆள் ஏற்கெனவே 96 சதவீதத்தில் நிற்கிறார், அவர் போக இனி இடமில்லை. குணகத்தை p(1−p)ஆல் பெருக்குவதுதான் சூத்திரம் என்பதால், நிகழ்தகவு பாதியாக இருக்கும் இடத்தில் விளைவு உச்சம் தொடும்.

இப்போது மாணவரிடம் திரும்புவோம். மாணவர், பாக்கி, வருமானம் மூன்றையும் சேர்த்து ஓட்டினால் மாணவரின் குணகம் −0.6468 ஆகிறது. கழித்தல் குறி! ஆட்ஸ் ரேஷியோ 1.5லிருந்து 0.52க்கு விழுந்துவிட்டது. இரண்டு கணக்கிலும் பிழையில்லை. மாணவர்கள் சராசரியாக அதிகப் பாக்கி வைக்கிறார்கள், பாக்கி அதிகமானால் ஆபத்து அதிகம். ஆகவே ஒன்றும் தெரியாத நிலையில் மாணவர் ஆபத்தானவராகத் தெரிகிறார். ஒரே அளவு பாக்கி வைத்திருக்கும் இருவரை எதிரெதிரே நிறுத்தினால் மாணவர்தான் நம்பகமானவர். விண்ணப்பத்தை மட்டும் கையில் வைத்திருக்கும் அதிகாரிக்கு முதல் எண்; பாக்கி விவரம் கண்முன்னே இருக்கும் அதிகாரிக்கு இரண்டாவது எண்.

அந்த 0.52ஐப் புள்ளிகளாக்கினால்? இருவருக்கும் வருமானம் 40,000, பாக்கி 1,500 டாலர் என்று வைத்தால், மாணவருக்கு 5.8 சதவீதம், மற்றவருக்கு 10.5. வித்தியாசம் 5 புள்ளிக்குச் சற்றுக் குறைவு. பாக்கி 1,000 என்றால் வித்தியாசம் 0.3 புள்ளி, 2,000 என்றால் 15 புள்ளி. ‘மாணவராக இருப்பதன் விளைவு’ என்று ஒற்றை எண்ணைக் கேட்பவரிடம், எந்தப் பாக்கியில் என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும்.

இருந்தாலும் அறிக்கையில் ஒற்றை எண் கேட்பார்கள். சராசரி வாடிக்கையாளர் ஒருவரைக் கற்பனை செய்து அவருக்கு மட்டும் கணக்கிடுவது ஒரு வழி. இந்தத் தொகுப்பில் சராசரிப் பாக்கி சுமார் 835 டாலர். அங்கே 100 டாலரின் விளைவு 0.13 புள்ளிதான். ஆபத்தான இடத்தில் நிற்கும் சில நூறு பேரும் அந்தச் சராசரியில் காணாமல் போகிறார்கள். பத்தாயிரம் பேருக்கும் தனித்தனியே கணக்கிட்டுப் பிறகு சராசரி எடுத்தால் விடை பல மடங்கு பெரிதாக வரும். பெரும்பாலான வேலைகளுக்கு இரண்டாவது வழியே நியாயமானது.

இன்னொரு பொறியும் உண்டு. கட்டாதவர்கள் 333 பேர்தானே என்று, கட்டியவர்களிலும் 333 பேரை மட்டும் குலுக்கி எடுத்து மாதிரியை ஓட்டும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஆட்ஸ் ரேஷியோ இதைத் தாங்கும். குலுக்கலால் வரும் சிறு ஏற்ற இறக்கம் தவிர 1.73 அப்படியே இருக்கும். மாறுவது தொடக்க எண். 9,667ஐ 333ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் வரும் 3.37 அதில் கூடிவிடும். அதைக் கழிக்க மறந்தால், 1,000 டாலர் பாக்கிக்காரரின் 0.58 சதவீதம் ஏறத்தாழ 14 சதவீதமாகத் திரையில் தெரியும். விளிம்பு விளைவுகளும் அதோடு சேர்ந்து ஊதிப்போகும். மாதிரி கணிக்கும் நிகழ்தகவுகளின் சராசரி 3.3 சதவீதத்துக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பார்த்தால் போதும், இந்தத் தவறு அங்கேயே பிடிபடும்.