பந்து தொண்டையில் நின்றால்

புதிய டென்னிஸ் பந்து லாப்ரடாரின் வாய்க்கு ஓரளவு பொருந்தும். மாதக்கணக்கில் கடிபட்டு, மேலே உள்ள ரோமம் உரிந்து, எச்சிலில் ஊறிய பிறகு அதே பந்து வழுக்கும், அமுங்கவும் செய்யும். தாவிப் பிடித்த வேகத்தில் அது பற்களைத் தாண்டித் தொண்டையின் பின்பக்கம் அடைத்துக்கொண்டால், வாயைத் திறந்து பார்ப்பவருக்குப் பந்தின் வளைவு தெரியும். விரலுக்குத்தான் பிடி கிடைக்காது. எடுக்கப் போன விரலே அதை இன்னும் உள்ளே தள்ளிவிடுவதும் உண்டு.

மூச்சுப்பாதை அடைத்ததா என்பதைச் சத்தத்தை வைத்தே பாதி சொல்லிவிடலாம். நாய் பலமாக இருமினால் காற்று போய்வருகிறது என்று பொருள். அதை இருமவிட்டு, அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பக் நாய்கள் கழுத்தை நீட்டி 'ஹ்ர்க், ஹ்ர்க்' என்று மூக்கால் இழுப்பது பார்க்கப் பயமாக இருந்தாலும், ஈறு சிவந்தே இருக்கும், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். முழு அடைப்பில் சத்தமே வராது. முன்னங்காலால் வாயைப் பிறாண்டும், வயிறு எக்கும், நாக்கு நீலம் பாயும். ஈறு கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம்.

அடைத்தது பந்து என்றால் வெளியிலிருந்துதான் தள்ள வேண்டும். நாய்க்குப் பின்னால் நின்று, தாடைக்கு அடியில் கழுத்தின் மேல்பகுதியைத் தடவினால் பந்தின் மேடு கைக்குப் படும். இரண்டு கட்டைவிரல்களையும் அந்த மேட்டுக்குக் கீழே, அதாவது நெஞ்சுப் பக்கமாக வைத்து, அழுத்தி வாயை நோக்கித் தள்ளினால் பந்து வந்த வழியே வெளியே வரும். நாய் மயங்கியிருந்தால் மல்லாத்திப் போட்டும் இதைச் செய்யலாம். எலும்புத் துண்டு போன்ற சிறு பொருளுக்கு வேறு வழி: தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு, பலிக்காவிட்டால் கடைசி விலாவுக்குப் பின்னால் முஷ்டியை வைத்து உள்ளும் முன்னுமாக ஐந்து அழுத்தம். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி விரலால் துழாவக் கூடாது. தொண்டையில் இயல்பாகவே உள்ள சிறு எலும்புகளைச் சிக்கிய எலும்பென்று நினைத்து இழுத்தவர்கள் இருக்கிறார்கள்.

நம் ஊரில் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். வெறிநோயின் ஒரு வகையில் நாய் சீறாது, கடிக்கவும் வராது. தொண்டைத் தசை செயலிழந்து, கீழ்த்தாடை தொங்கி, எச்சில் வடிய நிற்கும். 'எலும்பு மாட்டிக்கிச்சு போல' என்று பரிதாபப்பட்டு வாய்க்குள் கைவிடுவது இந்த நாய்களிடம்தான் நடக்கிறது. நிஜமான அடைப்பு, தின்றுகொண்டோ விளையாடிக்கொண்டோ இருக்கும்போது சட்டென்று வரும். தடுப்பூசி விவரம் தெரியாத நாய், காலையிலிருந்தே வாயை மூடாமல் திரிகிறது என்றால் கையை வெளியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். எச்சில் ஏற்கெனவே கையில் பட்டுவிட்டால், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி, பந்து வந்துவிட்டது, ஆனால் நாய் அசையவில்லை, நெஞ்சு ஏறி இறங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் படுக்கவைத்து, கழுத்தை நேராக்கி, நாக்கை முன்னால் இழுத்து, வாயைக் கையால் இறுக மூடி, மூக்கின் வழியே ஒரு விநாடி ஊத வேண்டும். கண் நெஞ்சின் மேல் இருக்கட்டும். நெஞ்சு உயர்ந்தால் பாதை திறந்திருக்கிறது. உயராவிட்டால் தலையைச் சற்று மாற்றி வைத்து மறுபடி ஊத வேண்டும்; அப்போதும் உயரவில்லை என்றால் உள்ளே இன்னும் ஏதோ இருக்கிறது. விலா அசையாமல் வயிறு மட்டும் உப்பினால் காற்று இரைப்பைக்குப் போகிறது.

இதயம் துடிப்பது உறுதியாகத் தெரிந்தால் ஆறு விநாடிக்கு ஒரு ஊதல் போதும். நல்ல பாம்பு கடித்து, இதயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூச்சுத் தசை மட்டும் நின்றுபோன நாய்க்கும் போகிற வழியெல்லாம் இதுதான். துடிப்பு சந்தேகமாக இருந்தால் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. கால்நடை அவசர மருத்துவர்கள் 2012இல் வகுத்து 2024இல் திருத்திய 'ரெக்கவர்' வழிகாட்டுதல்கள், சுயநினைவும் மூச்சும் இல்லாத நாய்க்கு உடனே நெஞ்சழுத்தத்தைத் தொடங்கச் சொல்கின்றன: 30 அழுத்தம், 2 ஊதல், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம், நெஞ்சின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஆழம். லாப்ரடாருக்கு நெஞ்சின் அகன்ற இடத்தில் அழுத்த வேண்டும். சிப்பிப்பாறை போன்ற ஒடுங்கிய நெஞ்சுக்காரருக்கு முழங்கை மடங்கும் இடத்தில், இதயத்துக்கு நேர் மேலே.

நாய் எழுந்து வாலாட்டிவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். அடைத்த பாதைக்கு எதிராக முழுப் பலத்தோடு மூச்சிழுத்ததில் நுரையீரலுக்குள் நீர் கசியலாம். அது சில மணி நேரம் கழித்துத்தான் வெளிப்படும். இரவில் தூங்கும் நாய் வேகவேகமாக மூச்சுவிடுவதோ, படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருப்பதோ அதன் அடையாளம். அதற்கு ஆக்சிஜன் தேவைப்படும்.