லிங்க் ‘அப்’தான், குரல் மட்டும் உடைகிறது

நாற்பது கிளைகள் உள்ள ஒரு நகைக்கடன் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். சர்வர்கள் தலைமை அலுவலகத்தில் இருக்கின்றன. எம்பிஎல்எஸ் எடுத்தால், ஒரே சேவை நிறுவனம் எல்லாக் கிளைகளுக்கும் லைன் கொடுத்து, உள்ளே வரும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு லேபிள் ஒட்டும். நடுவிலுள்ள ரவுட்டர்கள் அந்த லேபிளைப் பார்த்தே அனுப்பும். பிற வாடிக்கையாளர்களின் டேட்டாவோடு கலக்காது. ஆனால் தனி லைன் என்பதால் என்கிரிப்ஷனும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. எம்பிஎல்எஸ் அதைத் தருவதில்லை.

நிறுவனம் கூடுதல் காசு கொடுப்பது முக்கியமாக முன்னுரிமைக்குத்தான். போன் பேச்சின் பாக்கெட்டை டிஎஸ்சிபி 46 என்று குறித்து அனுப்பினால், ஒப்பந்தத்தில் எழுதிய அளவுவரை, நெரிசலிலும் அது முந்திப் போகும். பொது இணையத்தில் இந்தக் குறியை மதிக்க யாருக்கும் கட்டாயமில்லை.

எஸ்டி-வேன் வேறு வழியில் போகிறது. கிளையில் ஒரு பெட்டி இருக்கும். பிராட்பேண்ட், 4ஜி, ஏன் பழைய எம்பிஎல்எஸ் லைனைக்கூட அதில் செருகலாம். ஒவ்வொன்றின் மேலும் என்கிரிப்ட் செய்த டனல் போட்டு, சிறு சோதனைப் பாக்கெட்டுகளை ஓயாமல் அனுப்பி இழப்பையும் தாமதத்தையும் அளக்கும். பிராட்பேண்டில் நூற்றுக்கு மூன்று பாக்கெட் தொலைகிறது என்று கொள்வோம். லிங்க் ‘அப்’ என்றே காட்டும், சாதாரண ரவுட்டிங் அசையாது, பேச்சு மட்டும் விட்டுவிட்டுக் கேட்கும். இழப்பு 1 சதவீதம், தாமதம் 150 மில்லிசெகண்ட் என்று வரம்பு வைத்திருந்தால், பெட்டி பேச்சை 4ஜிக்கு மாற்றிவிடும். சில தயாரிப்புகள் பல நிமிடச் சராசரியைப் பார்த்த பிறகே மாற்றும்; அந்த இடைவெளியைக் குறைத்து வையுங்கள். இரண்டு லைனும் ஒரே கம்பத்தில் வந்தால், வெட்டுப்படும்போது இரண்டும் சேர்ந்தே போகும்.

டனலில் இன்னொரு சிக்கல் உண்டு. டனலின் தலைப்புகள் இடம் பிடிப்பதால் 1500 பைட் பாக்கெட் முழுதாக உள்ளே நுழையாது. பிங் போகிறது, லாகின் பக்கம் திறக்கிறது, ஆனால் நகைப் படத்தை ஏற்றும்போது அப்படியே நின்றுவிடுகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். கிளையின் விண்டோஸ் கணினியிலிருந்து சர்வருக்கு:

```
ping -f -l 1472 10.10.1.5
```

பதில் வரும்வரை எண்ணைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 1372இல் வந்தால் 28 கூட்டி 1400. அதுதான் அந்த வழியின் எம்டியூ. அதில் 40 கழித்து, 1360 என்று டிசிபி எம்எஸ்எஸ்ஸைப் பெட்டியில் வைத்தால் படம் ஏறும்.

இந்த நிறுவனத்துக்கு நான் சொல்வது கலப்புதான். போன் அழைப்புகள் குவியும் பெரிய கிளைகளில் எம்பிஎல்எஸ் இருக்கட்டும், எஸ்டி-வேன் பெட்டியின் ஒரு லைனாக. மூன்று பேர் உட்காரும் சிறு கிளைக்குப் பிராட்பேண்டும், வேறொரு நிறுவனத்தின் 4ஜியும் போதும். பழைய லைனை எங்கே துண்டிப்பதானாலும், ஒரு மாதம் இரண்டையும் ஓடவிட்டு, கிளையில் கூட்டம் நிறையும் நேரத்து இழப்பு எவ்வளவு என்று பார்த்த பிறகு துண்டியுங்கள்.